ஹோமோசிஸ்டீன் அளவு கூடினால் என்ன செய்யலாம்?

ரத்தப் பரிசோதனை முடிவில் "ஹோமோசிஸ்டீன் அதிகம்" என்று எழுதியிருந்தால் பயந்துவிட வேண்டாம். அந்த எண் எப்படிக் கூடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

நாம் உண்ணும் மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றின் புரதத்தில் மெத்தியோனின் என்ற சத்து இருக்கிறது. உடல் அதைப் பயன்படுத்திய பிறகு மிஞ்சுவதே ஹோமோசிஸ்டீன். உடல் அதில் ஒரு பகுதியை மீண்டும் மெத்தியோனினாக மாற்றிக்கொள்ளும். இந்த வேலைக்கு ஃபோலேட், வைட்டமின் பி12 ஆகிய இரண்டும் சேர்ந்தே தேவை. ஒன்று குறைந்தாலும் வேலை தடைப்பட்டு, ஹோமோசிஸ்டீன் ரத்தத்தில் தேங்கிவிடும். சிறுநீரகம் பலவீனமானாலும் இந்த அளவு கூடும்.

68 வயது மாது ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் சைவ உணவு உண்பவர். நீரிழிவுக்காகப் பத்து ஆண்டுகளாக மெட்ஃபோர்மின் சாப்பிடுகிறார். பி12 பெரும்பாலும் மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றில்தான் கிடைக்கும். மெட்ஃபோர்மினை நெடுங்காலம் சாப்பிட்டால் குடல் பி12-ஐ ஏற்றுக்கொள்வதும் குறையலாம். அவருடைய ஹோமோசிஸ்டீன் அளவு 24. வழக்கமாக இது 15-க்குள் இருக்கும். பாதங்களிலும் மரமரப்பு இருக்கிறது. மருத்துவர் பி12 கொடுத்ததும் சில வாரங்களில் அளவு 12-க்கு இறங்குகிறது. மரமரப்பும் மெல்லக் குறைகிறது.

அப்படியானால் அவருக்கு மாரடைப்பு வரும் அபாயமும் பாதியாகிவிட்டதா? இல்லை. பக்கவாதம் வந்த 8,164 பேரிடம் ஃபோலிக் அமிலம், பி6, பி12 மாத்திரைகளைச் சோதித்த ஆய்வு 2010-ல் வெளியானது. சிங்கப்பூர் நோயாளிகளும் அதில் கலந்துகொண்டார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 17 விழுக்காட்டினருக்கும் மீண்டும் பக்கவாதமோ மாரடைப்போ வந்தது, அல்லது ரத்தக்குழாய் நோயால் மரணம் நேர்ந்தது. இந்தச் சிறு வேறுபாடு மாத்திரையால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வேறு பெரிய ஆய்வுகளிலும் மாரடைப்பு குறையவில்லை. உணவில் ஃபோலேட் குறைவாக உள்ள இடங்களில் பக்கவாதம் மட்டும் ஓரளவு குறைந்தது.

ஹோமோசிஸ்டீன் பல நேரங்களில் நோய்க்குக் காரணமாக இல்லாமல், கூடவே வரும் அடையாளமாக இருக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு எண்ணை மட்டும் இறக்கினால் கோளாறு அப்படியேதான் இருக்கும்.

கடையில் ஃபோலிக் அமிலத்தை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். பி12 குறைந்திருக்கும்போது அது ரத்தசோகையை மட்டும் சரிசெய்துவிடும். நரம்புகள் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும், வெளியே தெரியாது. கை கால் மரமரப்பு, நடையில் தடுமாற்றம், மறதி ஆகியவை இருந்தால், அல்லது நெடுங்காலமாக மெட்ஃபோர்மினோ நெஞ்செரிச்சல் மாத்திரையோ சாப்பிட்டுவந்தால், பலதுறை மருந்தகத்தில் பி12 பரிசோதனை பற்றிக் கேளுங்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.