‘கேஸ்’ அடித்துவிட்டுப் போவது போதாது: ஏர்கோன் வேலையில் சான்றிதழும் தராசும் எங்கே கைகொடுக்கின்றன?

ஜெலாப்பாங், சிலிபின் வட்டாரத்தில் ஏர்கோன் வேலையைக் கையில் வைத்திருக்கும் நம்மவர் பலர். தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இத்தொழிலை ஏதோ ஓர் அண்ணனின் வேனில் ஏறித்தான் கற்றுக்கொண்டார்கள். வீட்டு வேலைக்கு அது போதும். தொழிற்சாலை, பள்ளி, கிளினிக் போன்ற இடங்களில் ஆண்டுக் குத்தகைக்கு விலை கொடுக்கப் போகும்போதுதான், “உங்கள் ஆட்களிடம் கேஸ் கையாளும் சான்றிதழ் இருக்கிறதா?” என்ற கேள்வி வருகிறது. வேலை நன்றாகத் தெரிந்தவர்கூட அந்த இடத்தில் நின்றுவிடுகிறார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், குளிர்பதன வாயுக்களின் நிர்வாகத்துக்கென 1999இல் விதிமுறைகள் வந்தன. அவற்றுக்குப் பதிலாக 2020இல் புதிய விதிமுறைகள் கொண்டுவரப்பட்டன. அவற்றின் சாரம் இரண்டு. ஒன்று, இயந்திரத்தில் இருக்கும் வாயுவைத் திறந்துவிட்டுக் காற்றில் கலக்க விடக்கூடாது. மற்றொன்று, அந்த வாயுவைத் தொட்டு வேலை செய்பவர் அதற்குரிய தகுதிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். சுற்றுச்சூழல் துறையின் ‘சிஎஸ்டிபி’ எனப்படும் பயிற்சியும் தேர்வும் இதற்காக ஏற்பட்டவைதான். துறை அங்கீகரித்த பயிற்சி நிலையங்களில் சில நாள்கள் நடக்கும் இப்பயிற்சியில் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. வீட்டு, வணிக ஏர்கோனுக்கு ஒன்று, வாகன ஏர்கோனுக்கு ஒன்று எனப் பிரிவுகள் இருப்பதால், பதிவு செய்யும் முன் எது தமக்கு வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

விதி இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் ஆர்22 வாயு. ஓசோன் படலத்தைக் கரைக்கும் பொருள்களைக் குறைப்பதற்கான 1987ஆம் ஆண்டு மொன்ட்ரியல் உடன்படிக்கையில் மலேசியா 1989இல் சேர்ந்தது. அதன்படி வளரும் நாடுகள் ஆர்22 வகை வாயுக்களின் பயன்பாட்டை 2020இல் 35 விழுக்காடும் 2025இல் 67.5 விழுக்காடும் குறைக்க வேண்டும். 2030க்குப் பிறகு பழைய இயந்திரங்களைப் பழுதுபார்க்கச் சிறு அளவு மட்டுமே மிஞ்சும். இன்று புதிதாகப் பொருத்தப்படும் வீட்டு ஏர்கோன்களில் பெரும்பாலும் ஆர்32 இருக்கிறது. அது ஓசோனைக் கெடுக்காது. ஆனால் புவியைச் சூடாக்கும் வாயு, லேசாகத் தீப்பற்றவும் கூடியது. பழைய பழக்கத்தில் கைவைப்பவருக்கு அங்கேதான் ஆபத்து.

ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஜெலாப்பாங்கில் ஒரு கடைவீட்டில் ஒன்றரை குதிரைத்திறன் ஆர்32 இன்வெர்ட்டர் ஏர்கோன் சரியாகக் குளிரவில்லை என்று அழைப்பு வருகிறது. வெளி யூனிட்டின் தகட்டில் வாயுவின் அளவு 0.75 கிலோ என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். வேனில் வந்தவர் கேஜை மாட்டுகிறார். ஆர்22க்கு உறிஞ்சும் பக்க அழுத்தம் ஏறக்குறைய 65 முதல் 75 பிஎஸ்ஐ இருந்தால் சரி என்பது பழைய கணக்கு. இங்கே முள் 85இல் நிற்கிறது. “கேஸ் கூடத்தான் இருக்கிறது” என்று அவர் நினைத்தால் தப்பு. ஆர்32க்கு இயல்பான அழுத்தம் அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அதிலும் இன்வெர்ட்டரில் கம்ப்ரசரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் முள்ளும் ஏறி இறங்கும். கேஜ் ஓர் அறிகுறியைக் காட்டுமே தவிர, உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்று சொல்லாது. அதைச் சொல்வது தராசு மட்டும்தான்.

அழுத்தம் குறைவாக இருப்பதால் மட்டும் வாயு குறைவு என்றும் முடிவு கட்டக்கூடாது. ஃபில்டரும் காயிலும் அழுக்கடைந்து காற்று போகாவிட்டாலும் அழுத்தம் இறங்கும். பனியைப் பார்த்தால் வேறுபாடு புரியும். அழுக்கு காரணமென்றால் உள் காயில் முழுவதும் பனி பிடித்து, அது தடித்த குழாய் வரை வரும். வாயு குறைந்திருந்தால், வெளி யூனிட்டின் மெல்லிய குழாயிலும் காயிலின் தொடக்கப் பகுதியிலும் மட்டும் பனி தெரியும். மீதிக் காயில் வெதுவெதுப்பாகவே இருக்கும். எனவே முதலில் கழுவ வேண்டும், பிறகு பார்க்க வேண்டும். நம் கடையில் கழுவிய பிறகும் மெல்லிய குழாயில் பனி நிற்கிறது. ஃபிளேர் நட் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தெரிகிறது. வாயுவோடு சேர்ந்து சுற்றும் எண்ணெய்தான் அது. அது வெளியே வந்திருந்தால் வாயுவும் வெளியே போயிருக்கிறது.

ஏர்கோன் வாயு காரின் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய சுற்றில் அது அப்படியே இருக்க வேண்டியது. குறைந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் மேலே நிரப்பினால், சில மாதத்தில் அதே கடையிலிருந்து அதே அழைப்பு வரும். இடைப்பட்ட காலத்தில் குளிர்ச்சி கிடைக்காத கம்ப்ரசர் சூடேறி அடிபடும்.

சான்றிதழ்ப் பயிற்சியில் கற்றுத் தரும் முறை இப்படிப் போகிறது. மீட்பு இயந்திரத்தை இணைத்து, உள்ளே இருக்கும் வாயுவைத் தராசின் மேல் வைத்த மீட்பு சிலிண்டருக்கு இழுக்க வேண்டும். இயந்திரமும் சிலிண்டரும் ஆர்32க்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். பொறி பறக்கும் பழைய இயந்திரம் ஆகாது. சிலிண்டரை அதன் கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பக்கூடாது. வெயிலில் நிற்கும் வேனுக்குள் திரவம் விரிந்தால் இடம் இருக்காது. வேறு வாயு இருந்த சிலிண்டரில் கலக்கவும் கூடாது. கலந்த வாயு யாருக்கும் பயன்படாது. நம் எடுத்துக்காட்டில் தராசு 0.42 கிலோ காட்டுகிறது. அப்படியானால் 0.33 கிலோ, அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவாக, கசிந்துபோயிருக்கிறது.

அடுத்து ஃபிளேர் வாயை வெட்டி புதிதாக விரித்து இறுக்கிய பிறகு, உலர்ந்த நைட்ரஜனை உற்பத்தியாளர் சொன்ன அழுத்தத்துக்கு ஏற்றி, சோப்பு நுரையால் ஒவ்வொரு மூட்டையும் பார்க்க வேண்டும். இதற்கு ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பயன்படுத்துவது உயிருக்கே உலை. உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து அது வெடிக்கும். குழாயைப் பற்றவைக்க வேண்டியிருந்தாலும், வாயுவை முழுதாக இழுத்து நைட்ரஜனால் கழுவிய பிறகே தீயைக் கொண்டுவர வேண்டும்.

பின்னர் வெக்குவம். பம்பை எத்தனை நிமிடம் ஓடவிட்டோம் என்பது கணக்கில்லை. மைக்ரோன் கேஜ் 500க்குக் கீழே இறங்க வேண்டும். பிறகு வால்வை மூடிக் காத்திருக்க வேண்டும். எண் மெல்ல ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது, பம்பை மறுபடி ஓட்ட வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு இன்னும் இருக்கிறது. இரண்டும் இல்லையென்றால், தகட்டில் சொன்ன 0.75 கிலோவைத் தராசில் அளந்து ஏற்றலாம். குழாய் வழக்கத்தைவிட நீளமாக ஓடியிருந்தால் கையேடு சொல்லும் கிராம் கணக்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மீட்ட வாயு சுத்தமாக இருந்தால் அதே இயந்திரத்துக்குத் திருப்பிக் கொடுக்கலாம். குறைவதற்கு மட்டும் புதிய வாயு.

எத்தனை கிலோ மீட்டது, எத்தனை கிலோ ஏற்றியது, எந்த மூட்டில் கசிவு என்பதைச் சேவைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது இந்த வேலையின் கடைசிப் படி. பலர் விட்டுவிடும் படியும் இதுதான். குத்தகை தரும் நிறுவனம் கேட்கும் ஆதாரம் இந்தத் தாள்தான்.

இனி குத்தகைக் கதவுகளைப் பார்ப்போம். சிஎஸ்டிபி சான்றிதழ் ஆளுக்கு உரியது, நிறுவனத்துக்கு உரியது அன்று. ஒரே ஒரு சான்றிதழ்க்காரரை வைத்துக் குத்தகை எடுத்த முதலாளி, அவர் வேலையை விட்டுப் போனால் நடுவழியில் நிற்பார். அதனாலேயே சான்றிதழ் கொண்ட தொழிலாளிக்குச் சம்பளப் பேச்சில் பலம் கூடுகிறது.

அந்தச் சான்றிதழ் வாயுவைக் கையாளும் தகுதியை மட்டுமே காட்டும். மொத்தத் தொழில்திறனைக் காட்டுவது எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ். பள்ளிப் படிப்பு குறைவாக இருந்தும் பல ஆண்டு வேலை செய்தவர், வகுப்புக்குப் போகாமலே திறன் மேம்பாட்டுத் துறையின் முன்அனுபவ அங்கீகார வழியில், பிபிடி என்று சொல்வார்கள், இதைப் பெற முடியும். அதற்குத் தேவை ஆதாரம்: முதலாளியின் கடிதம், வேலைத் தாள்கள், வேலை நடக்கும்போது எடுத்த படங்கள். பல ஆண்டு வேலை செய்தும் ஒரு தாளையும் வைத்துக்கொள்ளாதவருக்கு இந்த வழியே கடினமாகிவிடும்.

புதிய இயந்திரம் பொருத்தும் வேலை கட்டுமான வேலையில் சேரும். அதற்கு சிஐடிபியில் குத்தகையாளராகப் பதிய வேண்டும். ஏர்கோனுக்குரிய பிரிவு எம்01. கடைநிலையான ஜி1 தகுதிக்குக் குறைந்தபட்ச மூலதனம் 5,000 வெள்ளி. இந்நிலையில் எடுக்கக்கூடிய வேலையின் மதிப்பு நெடுங்காலமாக 200,000 வெள்ளி வரை என்று இருந்து வந்திருக்கிறது. அரசாங்க அலுவலகத்தின் கழுவுதல், பராமரிப்புச் சேவைக்கோ நிதியமைச்சின் இ-பெரோலேஹான் பதிவு வேண்டும். இரண்டுக்கும் முன்னதாக எஸ்எஸ்எம்மில் வணிகத்தைப் பதிந்திருக்க வேண்டும். புதிய மின் இணைப்பு இழுப்பது இவற்றில் எதிலும் அடங்காது. அது எரிசக்தி ஆணையத்தின் தகுதி பெற்ற வயர்மேனின் வேலை.

குத்தகை கிடைத்த பிறகும் கைநழுவும் இடம் ஒன்று உண்டு. 20 யூனிட், ஆண்டுக்கு நான்கு முறை சேவை என்றால் 80 முறை கழுவ வேண்டும். இருவர் சேர்ந்து நாளொன்றுக்கு ஆறு யூனிட் முடித்தால், ஆண்டுக்குச் சுமார் 14 நாள் வேலை. இதற்கு விலை போடுவது எளிது. ஆனால் ஒப்பந்தத்தில் ‘கேஸ் உட்பட’ என்று ஒரு சொல் இருந்தால், பழைய இயந்திரத்தின் ஒவ்வொரு கசிவும் குத்தகையாளரின் பையிலிருந்து போகும். நட்டத்தைத் தாங்க முடியாதவர் கசிவைத் தேடாமல் மேலே நிரப்பத் தொடங்குவார். தேடாமல் நிரப்பினால் மறுபடி கசியும், மறுபடி செலவாகும்.

எனவே கசிவுச் சோதனைக்கு ஒரு விலை, பழுதுக்கு ஒரு விலை, வாயுவுக்குக் கிலோ கணக்கில் ஒரு விலை என்று தனித்தனியாக எழுதிக் கையெழுத்திடுவதே பாதுகாப்பு. ஒப்பந்தம் தொடங்கும் நாளிலேயே ஒவ்வொரு யூனிட்டின் தகட்டையும் படம் எடுத்து, வாயுவின் வகையையும் எடையையும் பட்டியலிட்டு இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு “நீங்கள் வந்த பிறகுதான் கேஸ் போனது” என்று யாராவது சொன்னால், அந்தப் பட்டியலும் தராசின் எண்ணும் பதில் சொல்லும்.