முதலில் ஒரு ரக்அத்

இஸ்லாத்தைத் தழுவியவர் ஐவேளைத் தொழுகையையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு ரக்அத் பிடிபட்டால் போதும். தக்பீர் சொல்லிக் கைகட்டி நின்று அல்ஃபாத்திஹாவின் 7 வசனங்களை ஓதி, குனிந்து ருகூஉ, நிமிர்ந்து நிலை, பிறகு இரண்டு சஜ்தா. சுப்ஹில் இது 2 முறை, மஃரிபில் 3, மற்ற மூன்றிலும் 4. இரண்டாவது ரக்அத்தின் முடிவில் அமர்ந்து அத்தஹிய்யாத் ஓத வேண்டும். கடைசி அமர்வில் ஸலாம்.

ஃபாத்திஹா வரும்வரை சுப்ஹானல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் போன்ற துதிகளைச் சொல்ல அனுமதி உண்டு. பலரும் தடுமாறுவது ஓதுவதில் அல்ல, அவசரத்தில். ருகூஉவிலிருந்து முதுகு முழுதாக நிமிருமுன்பே சஜ்தாவுக்குப் போய்விடுவார்கள்.

பள்ளிவாசலுக்குத் தாமதமாக வந்தால்தான் உண்மையான பரீட்சை. மஃரிபின் மூன்றாவது ரக்அத்தில் சேர்ந்தவருக்கு அது முதலாவது. இமாமோடு அமர்வார், இமாம் ஸலாம் கொடுத்ததும் எழுந்து ஒரு ரக்அத் தொழுது அமர்வார், மீண்டும் எழுந்து இன்னொன்று தொழுது, அமர்ந்து ஸலாம் கொடுப்பார். மூன்று ரக்அத், மூன்று அமர்வு! புதியவர் குழம்பாமல் என்ன செய்வார்? எண்ணிக்கையில் ஐயம் வந்தால், உறுதியான குறைந்த எண்ணை வைத்துத் தொழுது, மறதிக்கான இரண்டு சஜ்தா செய்தால் தீர்ந்தது.