முழுக் காலிஃபிளவர்: உள்ளே வெந்து, வெளியே முறுக

தீபாவளிக்குப் பலகாரமும் கேக்கும் செய்துவிட்டு, மற்ற மாதங்களில் பாத்திரங்களை அடுக்கி வைக்கும் இடமாகவே பல வீடுகளில் ஓவன் இருக்கிறது. அதை வெளியே எடுக்க ஒரு நல்ல காரணம் முழுக் காலிஃபிளவர். புரட்டாசி மாதத்தில் வீட்டுக்கு வரும் சைவ விருந்தாளிக்கு, கோழிக்குழம்புக்கு நடுவே பொரியலையும் அப்பளத்தையும் மட்டும் நீட்டாமல், மேசையின் நடுவில் வைத்துக் கத்தியால் வெட்டிப் பரிமாறும்படி ஒரு பெரிய பதார்த்தம் கிடைக்கிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வாணலியில் காய் வெந்ததா என்று ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்க்கலாம். முழுப் பூவில் அது முடியாது. மேலே சிவந்து அழகாக இருக்கும்; விருந்தாளி முன்னால் வெட்டும்போதுதான் நடுத்தண்டு பச்சையாக நறுக்கென்று நிற்பது தெரியும். மேல்பகுதி கருகுவதற்குள் நடுப்பகுதி வெந்துவிட வேண்டும். இந்தச் சமையலின் எல்லா வேலையும் அதற்காகத்தான்.

பூவைத் தயார் செய்தல்

சுமார் 900 கிராம் எடையுள்ள, இதழ்கள் நெருக்கமாக இருக்கும் பூவாகப் பாருங்கள். விரிந்த பூவில் மசாலா நன்றாக இறங்கும் என்று தோன்றும். ஆனால் அது ஓவனில் உதிர்ந்துவிடும். இலைகளை எடுத்துவிட்டு, பூ நேராக நிற்கும் அளவுக்கு அடித்தண்டைச் சமமாக வெட்டுங்கள். பிறகு அந்தத் தண்டில் கத்தி முனையால் 2 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கூட்டல் குறி போலக் கீறிவிடுங்கள். கடைசியில் வேகும் இடம் அதுதான். சூடு உள்ளே போக ஒரு வழி வேண்டும்.

மஞ்சள்தூளும் உப்பும் கலந்த வெதுவெதுப்பான நீரில் பூவைத் தலைகீழாக 10 நிமிடம் அமிழ்த்தி வைத்தால், உள்ளே புழு இருந்தால் வெளியே வந்துவிடும். இது நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வதுதான்.

அடுத்ததாக, பெரிய பானையில் 3 லிட்டர் தண்ணீரை 2 மேசைக்கரண்டி உப்போடு கொதிக்க வைத்து, பூவை மீண்டும் தலைகீழாக இறக்கி 8 நிமிடம் வேக விடுங்கள். இது முழுதாக வேக வைப்பதற்கு அல்ல. தண்டில் கத்தியைக் குத்தினால் முனை ஒரு சென்டிமீட்டர் சுலபமாக இறங்கி, அதற்கு மேல் தடுக்க வேண்டும். கத்தி வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் அதிகம் வெந்துவிட்டது என்று அர்த்தம். ஓவனில் அது தன் வடிவத்தில் நிற்காது. உப்பு பூவின் உள்ளே போவதும் இந்த 8 நிமிடத்தில்தான். பிறகு மேலே எவ்வளவு உப்பு பூசினாலும் நடுப்பகுதி சப்பென்றுதான் இருக்கும்.

வெளியே எடுத்த பூவைச் சல்லடைக் கூடையில் தலைகீழாகக் கவிழ்த்து, 15 நிமிடமாவது வடிய விடுங்கள். அவசரத்தில் பலர் விட்டுவிடும் படி இது. இதழ்களுக்கு இடையில் தண்ணீர் தங்கினால், ஓவனில் அது ஆவியாகி மசாலாவைத் தள்ளிவிடும்; தட்டில் சிவப்புக் குளமும், பூவின் மேல் வெளுத்த திட்டுகளும்தான் மிஞ்சும். ஆவி அடங்கி, மேல்பகுதியைத் தொட்டால் கை ஈரமாகாமல் இருப்பதே சரியான பதம்.

மசாலாவின் பச்சை வாடை

குழம்பு வைக்கும்போது மசாலாத்தூளை எண்ணெயில் வதக்கி, பச்சை வாடை போன பிறகுதான் மற்றதைச் சேர்ப்போம். ஓவனில் அந்த வேலை நடப்பதில்லை. தூளைத் தயிரில் குழைத்து அப்படியே பூசினால், ஒரு மணி நேரம் சுட்ட பிறகும் மிளகாய்த்தூள், மல்லித்தூளின் பச்சை வாடை அடியில் தங்கியிருக்கும். அதனால் முதலில் அடுப்பிலேயே அந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

சிறிய வாணலியில் 2 மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுதைச் சிறு தீயில் ஒரு நிமிடம் வதக்குங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, 2 தேக்கரண்டி காஷ்மீர் மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி சாதாரண மிளகாய்த்தூள், 2 தேக்கரண்டி மல்லித்தூள், ஒரு தேக்கரண்டி சீரகத்தூள், அரைத் தேக்கரண்டி சோம்புத்தூள், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள் ஆகியவற்றை அந்தச் சூட்டிலேயே அரை நிமிடம் கிளறுங்கள். அடுப்பு எரியும்போது போட்டால் மிளகாய்த்தூள் நொடியில் கருகிவிடும்.

இது ஆறிய பிறகு 150 கிராம் கெட்டித் தயிர், வெறும் வாணலியில் வாசம் வர வறுத்த ஒரு மேசைக்கரண்டி கடலை மாவு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி உப்பு சேர்த்துக் குழைத்துக்கொள்ளுங்கள். தயிர் நீர்த்திருந்தால் மெல்லிய துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். கடலை மாவு விழுதைப் பிடித்து நிறுத்தும். கரண்டியைக் கவிழ்த்தால் விழுது வழியாமல் மெதுவாக இறங்க வேண்டும். விரதத்துக்குப் பூண்டு சேர்க்காதவர்கள் அதற்குப் பதில் கால் தேக்கரண்டி பெருங்காயத்தூளைச் சூடான எண்ணெயில் போடலாம்.

பூசும்போது, பூவைத் தலைகீழாகப் பிடித்து முதலில் தண்டுகளுக்கு இடையில் விரலால் விழுதைத் தள்ளுங்கள். பிறகு நிமிர்த்தி மேலே பூசுங்கள். மூன்றில் ஒரு பங்கு விழுதை மறுபூச்சுக்குத் தனியே எடுத்து வையுங்கள்.

ஓவனில் ஒரு மணி நேரம்

ஓவனை 200 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். காற்றாடி உள்ள ஓவனாக இருந்தால் 180 டிகிரி போதும். மேசை மேல் வைக்கும் 30 லிட்டர் ஓவனில் மேல்கம்பி பூவுக்கு மிக அருகில் இருக்கும். அதில் கீழ்த்தட்டில் வைத்து, பூவின் உச்சிக்கும் கம்பிக்கும் நடுவே 4 விரற்கடை இடைவெளியாவது விடுங்கள்.

முதல் 20 நிமிடம் பூவின் மேல் அலுமினியத் தாளைக் கூடாரம் போலக் கவிழ்த்து வையுங்கள். தாள் விழுதைத் தொட்டால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இந்த நேரத்தில் பூவின் ஆவியே அதன் நடுப்பகுதியை வேக வைக்கும்.

பிறகு தாளை எடுத்துவிட்டு, எடுத்து வைத்த விழுதைப் பூசி, திறந்தபடி 20 நிமிடம் சுடுங்கள். அதன்பின் தட்டை வெளியே இழுத்து, முன்பக்கம் பின்னால் போகும்படி திருப்பி வையுங்கள். வீட்டு ஓவன்களில் கதவுப் பக்கத்தை விட உள்பக்கம் சூடு அதிகம்; திருப்பாவிட்டால் ஒரு பக்கம் கருத்து மறுபக்கம் வெளுத்திருக்கும். பூவையே புரட்டிப் போட வேண்டாம், மேலோடு உதிர்ந்துவிடும். இன்னும் 15 முதல் 20 நிமிடத்தில் வேலை முடியும்.

வெந்ததா என்று பார்க்க, மெல்லிய கம்பியை மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில், அடித்தண்டை நோக்கிக் குத்துங்கள். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் சரி. மேலே நன்றாகச் சிவந்தும் தண்டு கெட்டியாக இருந்தால், தாளை மீண்டும் மூடி, சூட்டை 180 டிகிரிக்குக் குறைத்து 10 நிமிடம் கூடுதலாக வையுங்கள். தண்டு வெந்தும் மேலே நிறம் வராவிட்டால், 220 டிகிரிக்கு ஏற்றி 5 நிமிடம், பக்கத்திலேயே நின்று பாருங்கள். இதழ் நுனிகள் ஆங்காங்கே கரும்பழுப்பாவது சுவைதான். பூண்டு கசக்கும் வாடை வந்தால் எல்லை தாண்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் 1 மணிக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். 11 மணிக்குப் பூவை உப்பு நீரில் போட்டு, பக்கத்து அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். 11.15க்குக் கொதிநீரில் இறக்கி, 11.23க்கு எடுத்து வடிய விடுங்கள். வடியும் நேரத்தில் மசாலாவை வதக்கிக் குழைத்துவிடலாம். 11.35க்கு ஓவனைப் போட்டு, 11.40க்குப் பூசத் தொடங்கி, 11.50க்கு உள்ளே வையுங்கள். 12.10க்குத் தாளை எடுத்து மறுபூச்சு, 12.30க்குத் தட்டைத் திருப்புதல், 12.50க்கு வெளியே எடுத்தல். மீதி 10 நிமிடம் பூ அப்படியே ஆறட்டும். சுடச்சுட வெட்டினால் உதிர்ந்துவிடும். பல்வரிசைக் கத்தியால் ஆறு துண்டாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்டும் கொஞ்சம் மேலோடும் வரும்.

பரங்கிக்காய்க்கு வேறு கணக்கு

அதே விழுதைப் பரங்கிக்காயிலும் பூசலாம் என்று நினைக்கலாம், ஆனால் பொருந்தாது. பரங்கிக்காயே நீர் விடும் காய், தயிரும் சேர்ந்தால் தட்டில் குழைந்துவிடும். அதில் இனிப்பும் உண்டு என்பதால் விழுதில் சர்க்கரையோ தேனோ வேண்டாம், கருகிவிடும்.

தோலை நீக்காமல், 3 சென்டிமீட்டர் கனத்தில் பிறை வடிவமாக வெட்டுங்கள். தோல்தான் துண்டை உடையாமல் பிடித்து வைக்கும். ஒரு கிலோ காய்க்கு, 3 மேசைக்கரண்டி எண்ணெயில் முன்பு சொன்னபடி மிளகாய்த்தூள், மல்லித்தூள், சோம்புத்தூளைச் சூடாக்கி, ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசல், உப்பு சேர்த்துப் புரட்டுங்கள். துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல், வெட்டிய பக்கம் தட்டில் படும்படி அடுக்குங்கள். நெருக்கி வைத்தால் சுடாது, ஆவியில் வேகும்.

200 டிகிரியில் 20 நிமிடம் கழித்துத் தட்டையான கரண்டியால் ஒவ்வொரு துண்டையும் மறுபக்கம் புரட்டுங்கள். காலிஃபிளவரைப் புரட்டக்கூடாது, இதைப் புரட்டியே ஆக வேண்டும். தட்டைத் தொடும் பக்கம்தான் சிவக்கும். புரட்டும்போது துண்டு தட்டில் ஒட்டி இழுத்தால் இன்னும் நிறம் பிடிக்கவில்லை என்று பொருள். 3 நிமிடம் பொறுத்தால் தானே விடுபடும். மறுபக்கத்துக்கு 15 நிமிடம் போதும்.

மிஞ்சிய காலிஃபிளவரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் பயன்படுத்தலாம். பொடியாக நறுக்கி, வதக்கிய வெங்காயத்தோடு கிளறினால், காலைத் தோசைக்குள் வைக்க மசாலா தயார்.