ஒன்பது ஆண்டு இடைவெளிக்குப் பின்: ஓர் அறிமுகம்



இம்மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் அண்மையில் பணியேற்றுள்ளோம். புறநோயாளிகள் சிலர், "இதற்கு முன் எங்கே இருந்தீர்கள், டாக்டர்?" என்று வினவினர். நியாயமான வினா. எம்.டி. முடித்துச் சில ஆண்டுகள் பணியாற்றிய நாம், 2015 முதல் 2024 வரை மருத்துவம் பார்க்கவில்லை. பக்கவாதத்தால் படுக்கையில் இருந்த தாயாரை வீட்டிலிருந்து கவனித்துக்கொண்டோம்.

நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பதும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும் மறக்கவில்லை. மாறியிருந்தவை மருந்துகள். ஆகவே முதல் மூன்று மாதங்கள் நாம் தனியே எவருக்கும் மருத்துவம் பார்க்கவில்லை. நாம் எழுதிய ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் மூத்த மருத்துவர் ஒருவர் சரிபார்த்தார். அது வெறும் சடங்கன்று என்பதை ஒரு நிகழ்வு உணர்த்திற்று.

நீரிழிவு உள்ள ஓர் அம்மையார் இரண்டு நாள் வாந்தியுடன் வந்தார். சரியாக உண்ணவில்லை; மூச்சு சற்று வேகமாக இருந்தது. இரத்தச் சர்க்கரை 190. நீரிழிவில் இரத்தம் அமிலமாகும் ஆபத்து நிலையில் சர்க்கரை பெரும்பாலும் 250-க்கு மேல் இருக்கும் என்பதே நாம் பழகிய பாடம். எனவே இது வயிற்றுக் கோளாறு என்று எண்ணி, குளுக்கோஸ் ஏற்றி வாந்திக்கு ஊசி போட எழுதினோம். மூத்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று மட்டும் கேட்டார். மகள் பையிலிருந்து எடுத்துக் காட்டிய அட்டையில் டாபாக்ளிஃப்ளோசின் என்றிருந்தது.

நாம் விலகிய காலத்தில்தான் இம்மருந்து இந்நாட்டில் அறிமுகமாயிற்று. இன்று பலரும் உட்கொள்கின்றனர். இதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் நன்மை செய்யும் நல்ல மருந்து. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால், இரத்தம் அமிலமாகும்போதும் சர்க்கரை அளவு அவ்வளவாக உயராமல் இருக்கலாம். கீட்டோன் பரிசோதனை செய்தோம், மிகுந்திருந்தது. மாத்திரையை நிறுத்தி, உப்பு நீரும் இன்சுலினும், அவற்றுடன் குளுக்கோசும் செலுத்தினோம். அவர் நலமடைந்தார். அன்று நாம் தனியே இருந்திருந்தால், இன்சுலின் கிடைக்காமல் அவர் நிலை மோசமாகியிருக்கும்.

இம்மருந்து உட்கொள்வோர் வாந்தி, காய்ச்சல், உண்ண இயலாமை நேரும் நாட்களில் இதை நிறுத்தி, உடனே எங்களைத் தொடர்புகொள்ளுங்கள். இன்சுலினை மட்டும் தாமாக நிறுத்தலாகாது. அறுவை சிகிச்சைக்கு முன்பும் சில நாட்கள் இதை நிறுத்த வேண்டியிருக்கும். மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இப்போது நாம் தனியே நோயாளிகளைப் பார்க்கிறோம். எனினும் 2015-க்குப் பின் வந்த மருந்தை முதன்முறை எழுதுமுன் மூத்தவரிடம் கேட்கிறோம். உங்கள் எதிரிலேயே தொலைபேசியை எடுத்தால் ஐயுற வேண்டா. வரும்போது மாத்திரை அட்டைகள் அனைத்தையும் கொண்டு வாருங்கள். நாம் பார்க்க மறந்தால் நினைவூட்டுங்கள்.