வாடகையைக் குறைக்கக் கேட்கும் முன்

மெட்ரோ ரயிலுக்காகத் தெருவைத் தோண்டி இருபக்கமும் தடுப்பு வைத்துவிட்டால், உள்ளே இருக்கும் கடைகளில் வியாபாரம் படுத்துவிடுகிறது. வாடகைத் தேதி மட்டும் தவறாமல் வந்து நிற்கிறது. அப்போது பல கடைக்காரர்கள் உரிமையாளரிடம் சொல்வது, "ரெண்டு மாசம் அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்பதுதான். கேட்கவே கூடாத சலுகை இது. அட்வான்ஸ் உங்கள் பணம். அதைக் கரைத்தால் உங்கள் பாரம் குறையாது. ஆள் கிளம்பப் பார்க்கிறார் என்ற சந்தேகம்தான் எதிர்ப்பக்கம் எழும்.

சட்டத்தைக் காட்டிக் கேட்கலாமா? 2020 பொது முடக்கத்தில், டெல்லி கான் மார்க்கெட்டில் ஒரு கடைக்கு மாதம் மூன்றரை லட்சம் கட்ட வேண்டியிருந்தவர்கள், வாடகையை நிறுத்திவைக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றத்தைக் கேட்டார்கள். கடையைத் தற்காலிகமாகத் திறக்க முடியவில்லை என்பதால் வாடகைக் கடமை நீங்கிவிடாது என்று மே மாதம் தீர்ப்பு வந்தது. கட்டுவதற்குக் கொஞ்சம் அவகாசம் மட்டும் கிடைத்தது. அரசே கடையடைக்கச் சொன்ன காலத்தில் இதுதான் நிலை என்றால், விற்பனை மந்தம் என்ற காரணம் அங்கே எடுபடாது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்திலோ, இரண்டு மாத பாக்கி நின்றாலே அது வெளியேற்றக் கோருவதற்கு ஒரு காரணம். ஆகவே முதல் பாக்கி விழுவதற்கு முன்பே போய்ப் பேசிவிட வேண்டும்.

போகும்போது கையில் கணக்கு இருக்கட்டும். ஒரு பாத்திரக் கடையை எடுத்துக்கொள்வோம். வாடகை 30,000, அட்வான்ஸ் 3 லட்சம். நல்ல மாதத்தில் 5 லட்சத்துக்கு விற்றால், சரக்கு விலை போக 90,000 நிற்கும். வாடகை, ஆள் சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்ந்து 63,000. தோண்டிய பிறகு விற்பனை 3 லட்சம், நிற்பது 54,000. மாதம் 9,000 கைநஷ்டம். இவர் கேட்க வேண்டிய தொகை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது: மாதம் 10,000 குறைந்தால் கடை மூச்சுவிடும். "பாதி வாடகை வாங்கிக்கோங்க" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதைவிட இது எவ்வளவோ நம்பும்படி இருக்கும்.

அந்தப் பத்தாயிரத்தை இரண்டாகப் பிரிப்பது இன்னும் நல்லது. ஐந்தாயிரம் தள்ளுபடி, ஐந்தாயிரம் தள்ளிவைப்பு. ஆறு மாதத்தில் தள்ளிவைத்தது 30,000 ஆகும். அதைப் பிறகு மாதம் 2,500 வீதம் ஒரு வருடத்தில் வாடகையோடு சேர்த்துக் கட்டிவிடலாம். உரிமையாளர் உண்மையில் இழப்பது 30,000. இவர் காலி செய்தால், 3 லட்சம் அட்வான்ஸை ஒரே தவணையில் திருப்ப வேண்டும். தோண்டிக் கிடக்கும் தெருவுக்குப் புது ஆள் வர மூன்று மாதம் ஆனாலே 90,000 போகும். மிரட்டலாக இல்லாமல் இந்தக் கணக்கைப் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம்.

"ஐயா, ஆறு மாசத்துக்கு மட்டும் இருபதாயிரம் தர்றேன். பாதியை நீங்க விட்டுக்கொடுங்க, மீதியைப் பின்னாடி சேர்த்துக் கட்டிடறேன். விற்பனைச் சிட்டை கொண்டாந்திருக்கேன், பாருங்க."

"எனக்கும் பத்தாம் தேதி பேங்க் தவணை இருக்கேப்பா."

"எவ்வளவுங்கய்யா?"

"பதினெட்டாயிரம்."

இந்தக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. வாடகையை நம்பிக் கட்டிடக் கடன் கட்டுபவரும், அதிலேயே மருந்துச் செலவைப் பார்க்கும் முதியவரும் உரிமையாளர்களில் உண்டு. எந்தத் தேதியில் எவ்வளவு வந்தே தீர வேண்டும் என்று தெரிந்தால், இருபதாயிரத்தைப் பத்தாம் தேதிக்கு முன் தருவதாகச் சொல்லிப் பேச்சை முடிக்கலாம்.

முடிந்ததை அன்றே எழுத்தில் வாங்க வேண்டும். நல்ல மனிதர்தானே என்று விட்ட இடத்தில்தான் பின்னால் தகராறு வருகிறது. அவர் வெளியூர் போய், மகன் கணக்குப் பார்க்க உட்கார்ந்தால், அவருக்குத் தெரிவதெல்லாம் ஒப்பந்தத்திலுள்ள 30,000 மட்டுமே. குறைத்துக் கட்டிய ஆறு மாதமும் பாக்கியாகத் தெரியும். பதிவு செய்த ஒப்பந்தத்தின் ஷரத்தை வாய்ப்பேச்சில் மாற்றியதாகச் சொன்னால் நீதிமன்றம் பொதுவாக ஏற்காது. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எவ்வளவு தள்ளுபடி, எவ்வளவு தள்ளிவைப்பு, அதை எப்போது கட்டுவது, அட்வான்ஸ் தொடப்படவில்லை, மற்ற ஷரத்துகளில் மாற்றமில்லை: ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். மூல ஒப்பந்தம் பதிவானது என்றால் இதையும் பதிவு செய்ய வேண்டுமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது. பணத்தை வங்கி வழியாக அனுப்பி, எந்த மாத வாடகை என்றும் குறிப்பிடுங்கள்.

இத்தனையும் தடுப்பு எடுத்தால் வாடிக்கையாளர் திரும்புவார் என்ற கடைக்குத்தான். தை, மாசி முகூர்த்த மாதங்களிலும் விற்பனை 3 லட்சத்தைத் தாண்டவில்லை, பக்கத்துத் தெருப் பாத்திரக் கடையில் மட்டும் கூட்டம் என்றால், காரணம் பள்ளம் இல்லை. அப்போது சலுகை வாங்கினால், தள்ளிவைத்த தொகை கடனாகத்தான் ஏறும். அந்த நிலையில் உரிமையாளரிடம் பேச வேண்டியது, அட்வான்ஸ் முழுசாகக் கைக்கு வர எத்தனை மாத முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதைத்தான்.