பழனி 'தங்க கோபுரம்' கோபுரமா? செமஸ்டருக்கு முன்னாடி ஒரு ரிவிஷன்

கொடைக்கானல் போற வழியில பழனியில இறங்குனா, மலைக்கோயில்ல ஒரு சந்தேகத்தை நேர்லயே தீர்த்துக்கலாம். அங்கே கருவறைக்கு மேல பொன் தகடு போர்த்திய அமைப்பை ஊர்ல எல்லாரும் 'தங்க கோபுரம்'னுதான் சொல்வாங்க. பரீட்சையில அப்படி எழுதிடாதீங்க. அது விமானம். 693 படி ஏறி முடிச்சதும் எதிர்ல நிக்கிற ஐந்து நிலை ராஜகோபுரம்தான் கோபுரம்.

எப்படிப் பிரிச்சுப் பார்ப்பது? கீழே என்ன இருக்குன்னு பாருங்க. சாமி இருந்தா விமானம், வழி இருந்தா கோபுரம். மத்த வித்தியாசம் எல்லாம் இதிலிருந்து வருது. கருவறை பெரும்பாலும் சதுரம். அதனால விமானம் நாலு பக்கமும் ஒரே மாதிரி சுருங்கி, உச்சியில ஒற்றைக் கலசத்தோட முடியும். கோபுரம் மதிலோட போக்குல நீண்ட செவ்வகம். அதனால உச்சி வண்டிக்கூடு மாதிரி நீண்டு, கலசங்கள் வரிசையா நிக்கும். ஆனா கலசத்தை மட்டும் நம்பாதீங்க. பெருமாள் பள்ளிகொண்ட கோயில்கள்ல கருவறையே நீளமா இருக்கலாம், அப்போ விமானமும் நீளும்.

அடுத்து, எது உயரம்? இது அடிக்கடி வர்ற ஒப்பீடு. 1010-ல முடிஞ்ச தஞ்சை பெரிய கோயில்ல விமானம் 60 மீட்டருக்கு மேல. வாசல் கோபுரங்கள் அதுக்கு முன்னாடி குட்டைதான். மதுரையில தலைகீழ்: தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர், கருவறை விமானமோ உள்ளே சின்னதா இருக்கு. காரணத்தையும் சேர்த்து எழுதுங்க. பூஜை நடக்குற பழைய கருவறையை இடிச்சுப் பெருசாக்க பெரும்பாலும் துணியமாட்டாங்க. பின்னால வந்த மன்னர்கள் வெளியே மதில் மேல மதிலா கட்டுனாங்க, ஒவ்வொரு மதிலுக்கும் வாசல், வெளியே போகப்போக பெரிய கோபுரம். சமவெளியில இதுக்கு இடம் இருக்கு. பழனி மாதிரி குன்றின் உச்சியில மதிலை அப்படி விரிச்சுக்கிட்டே போக முடியாது.

கோபுரத்தோட எடையையும் கவனிங்க. அடித்தளம் கருங்கல், மேல் நிலைகள் செங்கல்லும் சுதையும். தஞ்சை விமானம் மேல வரைக்கும் கருங்கல்.

ரெண்டுக்கும் நடுவுல மண்டபம். கருவறையை ஒட்டி அர்த்தமண்டபம், அதுக்கு முன்னால அகலமான மகாமண்டபம். இவ்ளோ தூண் எதுக்குன்னு கேட்டா 'அழகுக்கு'ன்னு எழுதாதீங்க. கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையில சீக்கிரம் விரிஞ்சிடும். கூரைப் பலகையோட தடிமன் மாறாம இடைவெளியை ரெண்டு மடங்காக்கினா, தன் எடையாலேயே அடிப்பக்க இழுவிசை நாலு மடங்காகும். அதனாலதான் தூண்கள் நெருக்கமா நிக்குது, தூண் தலையில போதிகை நீண்டு இடைவெளியை இன்னும் குறைக்குது. மதுரை ஆயிரங்கால் மண்டபத்துல 985 தூண் இருக்கு. ஆனா நடுவுல தூணே இல்லாத ஒரு பெரிய ஹாலை, தூண் மேல கல் பலகை போடுற அந்த முறையில கட்ட முடியாது.