வேடர் வளர்த்த அரசகுமாரன்

குழந்தைப் பருவத்திலேயே காட்டில் தொலைந்துபோன அரசகுமாரன் ஒருவன் வேடர் குடியில் வளர்கிறான். தன்னையும் வேடன் என்றே நம்புகிறான். பிறகு ஒருவர் வந்து, நீ அரசன் மகன் என்று சொல்கிறார். இந்தச் சிறு கதை இந்தியத் தத்துவ நூல்களில் பல இடங்களில் வருகிறது. பிருகதாரண்யக உபநிடதத்துக்கு எழுதிய உரையில் சங்கரர் இதைச் சொல்கிறார். சாங்கிய சூத்திரம் இதைத் தொட்டுச் செல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தில், எட்டாம் சூத்திரம் இதன்மேல்தான் நிற்கிறது. கதை ஒன்றாக இருக்க, அதிலிருந்து பெறும் முடிவு வேறாகிறது. சைவ சித்தாந்தத்தை மற்றத் தத்துவங்களோடு ஒப்பிட விரும்புகிறவர் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

சங்கரரிடம் குமாரனுக்கு உள்ள குறை அறியாமை மட்டுமே. அவன் ஒருநாளும் வேடனாக மாறவில்லை; மாறியதாக எண்ணிக்கொண்டான். உண்மையைக் கேட்டதும் அந்த எண்ணம் விலகுகிறது. புதிதாக எதுவும் நடக்க வேண்டியதில்லை.

மெய்கண்டார் இங்கேதான் பிரிகிறார். உயிரைப் பிடித்திருப்பது வெறும் தவறான எண்ணம் அன்று, ஆணவம் என்னும் ஒரு பொருள் என்பது சித்தாந்தம். அதற்குத் தொடக்கம் இல்லை. இறைவனோ உயிரோ அதை உண்டாக்கவில்லை. உயிர் எப்போதிருந்து உண்டோ அப்போதிருந்து அதுவும் உண்டு. முதல் மனிதன் செய்த பாவத்திலிருந்து மனிதகுலத்தின் கட்டு தொடங்கியது என்று கிறித்தவ அறிஞர் அகஸ்டின் சொன்னதோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். சித்தாந்தத்தில் வீழ்ச்சி என்ற ஒரு நிகழ்ச்சியே இல்லை. ஆகவே, ‘கருணையுள்ள இறைவன் ஏன் இந்தக் கட்டை உண்டாக்கினான்?’ என்ற கேள்வியும் அங்கே எழுவதில்லை.

இந்த ஆணவத்தைப் பற்றி உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் நுட்பமான ஒன்றைச் சொல்கிறார். இருட்டு மற்றப் பொருள்களை மறைத்தாலும், ‘இருட்டாக இருக்கிறது’ என்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆணவமோ பொருள்களை மறைப்பதோடு தன்னையும் மறைத்துக்கொள்ளும். கட்டுண்டவனுக்குத் தான் கட்டுண்டிருப்பதே தெரியாது. அப்படியானால் அவன் எதை ஆராய்ந்து விடுபடுவான்? தன் முயற்சியாலேயே முழு அறிவு பெற்றுவிடலாம் என்ற வழி இங்கே அடைபடுகிறது. அருள் வேண்டும் என்று சித்தாந்தம் சொல்வது பக்திப் பெருக்கால் மட்டும் அல்ல, இந்தக் காரணத்தாலும்தான்.

இந்தக் கதையில் வேடர்கள் ஐம்புலன்கள். குமாரனை ஏமாற்றியவர்கள் அவர்கள் என்றாலும், சோறிட்டு வளர்த்தவர்களும் அவர்களே என்பதை மறந்துவிடக் கூடாது. நான் அப்படித்தான் வாசிக்கிறேன். சித்தாந்தத்தில் உடலும் புலனும் மனமும் மாயையிலிருந்து இறைவன் அமைத்துத் தந்தவை. ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு அவை கொஞ்சம் வெளிச்சம் தருகின்றன. மாயை என்றதும் பொய்த்தோற்றம் என்று எடுத்துக்கொள்ளும் வாசகர் இங்கே வழி தவறுவார்.

உண்மையைச் சொல்ல வருகிறவர் யார் என்பதிலும் மெய்கண்டார் தனித்து நிற்கிறார். சங்கரரின் கதையில் வருபவர் குமாரனின் தகுதியை அறிந்த கருணையாளர் ஒருவர். சிவஞானபோதத்தில் இறைவனே குருவாக வருகிறான். எப்போதும் வருவதும் இல்லை; உயிர் செய்த தவம் முதிர்ந்த வேளையில் வருகிறான். சரியை, கிரியை, யோகம் ஆகியவற்றில் நின்றது அந்தத் தவம் என்று உரைகள் விளக்குகின்றன. ஆணவம் பக்குவப்படும்வரை இறைவனின் சக்தி உள்ளே மறைந்து நின்று தொழிற்படுகிறது. திரோதானம் எனப்படும் அந்த மறைப்பும் அருளே. மூன்று மலமும் உள்ள நம் போன்ற உயிர்களுக்கு அவன் மனித உருவக் குருவில் மறைந்து வருவான் என்பது மரபு.

குமாரன் அதன்பின் என்ன ஆகிறான்? அவன் அரசனாக மாறிவிடுவதில்லை, தந்தையின் திருவடியைச் சேர்கிறான். பிரியாமல் நிற்கிறான், அதே வேளை இருவர் ஒருவராகிவிடவும் இல்லை. சித்தாந்தத்தைச் சிலர் அத்வைதத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். வேறு சிலர் அதை மத்துவரின் துவைதத்தோடு சேர்க்கிறார்கள். இரண்டும் பொருந்தாது என்பதை அறிய ஒரு கேள்வி போதும்: முத்தியில் ஆணவம் என்ன ஆகிறது? அது அழிவதில்லை என்பது சித்தாந்தத்தின் விடை. அதன் வலி அடங்கிக் கிடக்கும், அவ்வளவுதான்.

அதனால்தான் சிவஞானபோதத்தின் கடைசிச் சூத்திரமான பன்னிரண்டாவது, ஞானம் பெற்றவனுக்கும் வேலை வைத்திருக்கிறது. மல அழுக்கைக் கழுவிக்கொண்டு அவன் அடியார்களோடு கூடியிருக்க வேண்டும். அடியார் திருவேடத்தையும் கோயிலையும் சிவனென்றே தொழ வேண்டும்.